விடை சரியாக வந்த கேள்வியைத்தான் நான் கவனித்தேன்

வணக்கம். உங்கள் மகளின் வினாப் படத்தையும் அவள் போட்டுப் பார்த்த தாளையும் நிதானமாகப் பார்த்தேன். முதல் பகுதி தப்பாகவும் இரண்டாம் பகுதி சரியாகவும் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். சமன்பாடாகக் கொடுத்தால் போட்டுவிடுகிறாள், படமாக வந்தால் தடுமாறுகிறாள், இந்த நிலையில் பட்டப்படிப்புக்குப் பொருளியல் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தப்பான முதல் பகுதியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். சரியாக வந்த இரண்டாம் பகுதியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் அந்தப் படம். செங்குத்து அச்சில் விலை P, கிடை அச்சில் அளவு Q. கீழே இறங்கும் தேவைக் கோடு D1, மேலே ஏறும் அளிப்புக் கோடு S. இரண்டும் வெட்டும் இடத்தில் வாங்குவோர் கேட்பதும் விற்போர் கொண்டுவருவதும் சமமாகும்; அந்தச் சமநிலை விலையும் அளவும் என்ன என்பதுதான் முதல் பகுதியின் கேள்வி. போட்டோ சாய்வாக எடுக்கப்பட்டதால் மேல் கட்டங்கள் சின்னதாகவும் கீழ்க் கட்டங்கள் பெரியதாகவும் தெரிகின்றன. இப்படிப்பட்ட படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம். ஆனால் சாய்வாக எடுத்தாலும் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். கோடு ஒரு கட்டத்தின் மூலை வழியாகப் போனால் போட்டோவிலும் அதே மூலை வழியாகத்தான் போகும். அதனால் அப்படிப்பட்ட மூலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அச்சடித்த கட்டக் கோட்டைப் பிடித்துக்கொண்டே அச்சு வரை போய் எண்ணைப் படிக்க வேண்டும்.

D1 கோட்டுக்கு அவள் இதைத்தான் செய்திருக்கிறாள். விலை 50 இருக்கும்போது அளவு 30, விலை 30 இருக்கும்போது அளவு 70. விலை 20 குறைய அளவு 40 கூடுகிறது, அதாவது விலை 1 குறைந்தால் அளவு 2 கூடும். அதிலிருந்து Q = 130 − 2P என்று சரியாக எழுதிவிட்டாள். S கோட்டில்தான் சறுக்கல். அது கீழ் இடது மூலையிலிருந்து கிளம்புவதைப் பார்த்து, மூலை என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு Q = 3P என்று போட்டிருக்கிறாள்.

மூலைக்குப் பக்கத்தில் இருந்த எண் நிழலில் மறைந்துவிட்டது, அவள் மேல் குற்றமில்லை. ஆனாலும் அதைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. விலை அச்சில் தெரியும் எண்கள் 20, 30, 40, 50. கட்டத்துக்குக் கட்டம் 10 கூடுகிறது. 20 என்ற எண் மூலைக்கு ஒரே ஒரு கட்டம் மேலே இருக்கிறது. அப்படியானால் மூலையில் இருப்பது 10, பூஜ்யம் அல்ல. அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்காத வரைபடங்கள் தேர்வுகளில் அடிக்கடி வரும். S கோட்டிலும் இரண்டு மூலைகளை எடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. விலை 20 என்றால் அளவு 30, விலை 30 என்றால் அளவு 60. ஆக, Q = 3P − 30.

இப்போது இரண்டையும் சமமாக வைத்தால்:

130 − 2P = 3P − 30
5P = 160
P = 32

இரண்டு சமன்பாட்டிலும் 32-ஐப் போட்டால் அளவு 66 வருகிறது. அவளுக்கு வந்தது விலை 26, அளவு 78. விடை வந்ததும் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். கோடுகள் வெட்டும் புள்ளி 30 என்ற கட்டக் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பது கண்ணுக்கே தெரிகிறது, 26 அங்கே வரவே முடியாது. வெட்டும் இடத்தைக் கண்ணால் பார்த்தே விடையாக எழுதக் கூடாது, ஆனால் கணக்குப் போட்டு வந்த விடை சரியா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் இப்படிப்பட்ட பிழைகள் பெரும்பாலும் நின்றுவிடும். இது பொருளியல் வருமா வராதா என்பதற்கு அடையாளமே இல்லை.

அப்புறம் இரண்டாம் பகுதி. தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்து D2 ஆகிறது, புதிய சமநிலை விலை என்ன என்பது கேள்வி. விடை 36. அவளும் 36 என்றுதான் எழுதியிருக்கிறாள். ஆனால் எப்படி வந்தது? D1-க்கு நேர் மேலே D2 ஒரு கட்டம் தள்ளி இருக்கிறது, ஒரு கட்டம் 10, ஆகவே விலை 10 கூடும் என்று தன் 26-உடன் 10-ஐக் கூட்டியிருக்கிறாள். முதல் தப்பும் இரண்டாம் தப்பும் சேர்ந்து தற்செயலாகச் சரியான எண்ணைக் கொடுத்துவிட்டன. முதல் பகுதியில் 32 என்று சரியாகப் போட்டிருந்தால் இங்கே 42 எழுதியிருப்பாள்.

ஏன் 42 இல்லை? விலை 30-ல் D1 கோட்டில் அளவு 70, D2 கோட்டில் 90. அதாவது எந்த விலையிலும் வாங்குவோர் முன்பைவிட 20 அதிகம் கேட்கிறார்கள், Q = 150 − 2P. விலை 42 என்று வைத்துப் பாருங்கள். வாங்குவோர் கேட்பது 66, விற்போர் கொண்டுவருவது 96. முப்பது அலகு விற்காமல் கிடக்கும், விலை இறங்கத்தான் செய்யும். பழைய 32-லேயே விலை நின்றால் கேட்பது 86, கிடைப்பது 66. பற்றாக்குறை, விலை ஏறும். 36-ல்தான் இருவரும் 78-இல் சந்திக்கிறார்கள். விலை ஏற ஏற விற்போர் அதிகம் கொண்டுவருகிறார்கள், வாங்குவோர் கொஞ்சம் பின்வாங்குகிறார்கள். அதனால் தேவை 20 நகர்ந்தும் அளவு 12 மட்டுமே கூடியது, விலை 4 மட்டுமே கூடியது. அளிப்பு ஒரு அலகுகூடக் கூட முடியாத நிலை இருந்து, S செங்குத்தாக நின்றிருந்தால், அப்போது அவள் சொன்னபடி விலை முழுசாக 10 கூடியிருக்கும்.

கோடு நகர்ந்த தூரம் வேறு, சமநிலை நகர்ந்த தூரம் வேறு. பொருளியல் பட்டப்படிப்பில் வரி, மானியம், வட்டி, கூலி என்று எந்தப் பாடம் எடுத்தாலும் இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வரும். அவள் இதை ரசித்து யோசிக்கிறாளா, அல்லது சூத்திரம் கொடுத்தால் போதும் என்கிறாளா என்பதை வைத்துத்தான் நான் ஆலோசனை சொல்வேன்.

அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். அதே படத்தில், D1 அப்படியே இருக்கட்டும். விற்போர் ஒவ்வொரு அலகுக்கும் 10 வரி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். S கோடு ஒரு கட்டம் மேலே போகும். மேலே போனதைப் பார்த்து அளிப்பு கூடிவிட்டது என்கிறாளா என்று முதலில் கவனியுங்கள். ஒரே விலையில் பக்கவாட்டில் படித்தால் அளவு 30 குறைந்திருப்பது தெரியும், Q = 3P − 60. பிறகு, கணக்குப் போடுவதற்கு முன்பே, வாங்குவோர் கொடுக்கும் விலை 10 கூடுமா, அதைவிடக் குறைவாகக் கூடுமா, ஏன் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். விலை 38 ஆகும், விற்போர் கையில் நிற்பது 28. வரியில் 6 வாங்குவோர் தலையிலும் 4 விற்போர் தலையிலும் விழுகிறது. எண்ணை அவள் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. 10 ஏன் முழுசாக வாங்குவோர் மேல் விழவில்லை என்பதற்கு அவள் சொன்ன காரணத்தை, அவள் வார்த்தைகளிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்தப் படிப்பு என்பதை அதை வைத்துப் பேசுவோம்.