சீனத்தில் ‘பா’ எங்கே வரும்? ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள்

கேள்வி: ஆங்கில வாக்கியத்தைச் சீனத்துக்கு மாற்றும்போது ‘பா’ எப்போது போட வேண்டும்? வினைக்குப் பின்னால் ‘முடிந்தது’, ‘உடைந்தது’ மாதிரி இன்னொரு சொல்லை எதற்கு ஒட்டுகிறார்கள்? எப்படி எழுதினாலும் வரிசை தப்பாகிறது.

எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் நான்காம் நிலைக்குப் படித்தபோது நானும் இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கலைத்துப்போட்ட சொற்களை வரிசைப்படுத்தும் பகுதியில் ‘பா’ கண்ணில் பட்டாலே தப்பு செய்வேன். ஆங்கில வழியாகப் போனதுதான் காரணம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. (கீழே சீனத்தைத் தமிழ் எழுத்தில், தொனிக் குறி இல்லாமல் தருகிறேன். உச்சரிப்பு தோராயம்தான்.)

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘ஐ ஆக்சிடென்டலி நாக்ட் ஓவர் த கப் ஆஃப் டீ ஆன் த டேபிள்’. இதே வரிசையில் சீனச் சொற்களை அடுக்கினால் எதுவும் ஒட்டாது. முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘நான் கவனமில்லாமல் மேசை மேலிருந்த அந்தக் கப் டீயைத் தட்டிக் கவிழ்த்துவிட்டேன்.’ சீனத்தில் இது ‘வோ பு ஷியாவ்ஷின் பா ட்ஜுவோட்ஸ ஷாங் த நா பேய் ச்சா தா ஃபான் ல’.

துண்டு துண்டாகப் பிரிக்கலாம். ‘வோ’ நான். ‘பு ஷியாவ்ஷின்’ கவனமில்லாமல். ‘ட்ஜுவோட்ஸ ஷாங் த’ மேசை மேலிருக்கிற. ‘நா பேய் ச்சா’ அந்தக் கப் டீ. ‘தா’ தட்டு, ‘ஃபான்’ கவிழ். கடைசி ‘ல’ கிட்டத்தட்ட நம் ‘விட்டேன்’. வரிசை தமிழேதான். ஒரே வித்தியாசம், நாம் ‘டீ’க்குப் பின்னால் ஒட்டும் ‘ஐ’ வேலையை, சீனம் அந்தப் பெயர்த்தொடர் முழுவதற்கும் முன்னால் ‘பா’ போட்டுச் செய்கிறது. ‘பா’ ஒரு காலத்தில் ‘பிடி, கையில் எடு’ என்ற வினையாக இருந்த சொல். ‘டீயைப் பிடித்து, தட்டிக் கவிழ்த்தேன்’ என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் அது ஏன் முன்னால் வருகிறது என்று தெரியும்.

‘ஐ’யோடு ஒற்றுமை இன்னும் கொஞ்சம் ஆழமானது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தானாகத் தெரியும். இரண்டாவதில் எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கும் தெரிந்திருக்கும். ‘பா’வும் பெரும்பாலும் அப்படித்தான். ஏதோ ஒரு புத்தகம் வாங்கினால் ‘வோ மாய் ல யி பென் ஷூ’, அங்கே ‘பா’வுக்கு இடமில்லை. தமிழில் ‘ஐ’ இல்லாமல் இயல்பாக வந்தால் சீனத்திலும் ‘பா’வை விட்டுவிடுங்கள். ஆனால் மனிதர்கள் வந்தால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். ‘ஒரு டாக்டரைப் பார்த்தேன்’ என்று எந்த டாக்டராக இருந்தாலும் நாம் ‘ஐ’ போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது வினைக்குப் பின்னால் ஒட்டும் சொல். சீன வினை பெரும்பாலும் செயலை மட்டும் சொல்லும், அது பலித்ததா என்று சொல்லாது. ‘ட்ஜாவ்’ என்றால் தேடு. கிடைத்தால்தான் ‘ட்ஜாவ் தாவ்’. ‘தாவ்’ என்றால் போய்ச் சேர். ஆங்கிலத்தில் ‘ஃபைண்ட்’ என்று தனிச் சொல் இருப்பதால் இது விசித்திரமாகத் தெரிகிறது. நமக்கு விசித்திரமே இல்லை. ‘சாப்பிட்டு முடி’ அப்படியே ‘ச்சர் வான்’, ‘எழுதி முடி’ அப்படியே ‘ஷியே வான்’. ‘பிரேக்’ என்ற ஆங்கிலச் சொல் எப்படி உடைந்தது என்பதை மறைத்துவிடும். சீனம் கையால் தட்டி உடைந்தால் ‘தா போ’, கீழே விழுந்து உடைந்தால் ‘ஷுவாய் போ’, மிதித்து உடைந்தால் ‘ட்சாய் போ’ என்று பிரிக்கும். ‘போட்டு உடைத்தான்’, ‘மிதித்து உடைத்தான்’ என்று நாமும் பிரிக்கிறவர்கள்தானே.

இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் விதி பிடிபடும். ‘பா’ போட்டால் அந்தப் பொருளுக்கு என்ன ஆயிற்று என்று வாக்கியம் சொல்லியாக வேண்டும். அதனால் வெறும் வினையோடு நிறுத்த முடியாது. ‘வோ பா மென் குவான்’ (நான் கதவைச் சாத்து) என்றால் அந்தரத்தில் நிற்கும். ‘குவான் ஷாங் ல’ என்று முடித்தால்தான் வாக்கியம். பொருளுக்கு எதுவும் ஆகாத வினைகள், அதாவது பிடிக்கும், தெரியும் போன்றவை, ‘பா’வோடு சேராது. ‘உன்னை விரும்புகிறேன்’ என்பதில் ‘ஐ’ இருக்கிறதே என்று ‘வோ பா நி ஷிஹுவான்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘வோ ஷிஹுவான் நி’, அவ்வளவுதான்.

பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது, என்னவாக மாறியது என்று வினைக்குப் பின்னால் வந்தால், ‘பா’ அநேகமாகக் கட்டாயம். ‘புத்தகத்தை மேசை மேல் வைத்தேன்’ என்பது ‘வோ பா ஷூ ஃபாங் ட்சாய் ட்ஜுவோட்ஸ ஷாங்’. ஆங்கில வரிசையில் ‘வோ ஃபாங் ஷூ ட்சாய்...’ என்று போனால் வகுப்பில் சிவப்புக் கோடு நிச்சயம். ‘இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக வெட்டினாள்’ என்பதும் அப்படியே: ‘தா பா ரோ ச்சியே ச்செங் ஷியாவ் குவாய்’; இங்கே ‘தா’ என்றால் அவள், ‘ச்செங்’ என்றால் ஆகு.

ஆனால் இதே வாக்கியத்தில் தமிழ் நம்மைக் காலை வாருகிறது. நமக்கு வினை கடைசியில்தான். ‘துண்டுகளாக’ அதற்கு முன் வந்துவிடும். சீனத்தில் எது முதலில் நடந்ததோ அது முதலில். வெட்டியது முன்னே, துண்டானது பின்னே. நான் அதிகம் தப்பு செய்த இடம் இதுதான். ‘துணியைச் சுத்தமாகத் துவைத்தேன்’ என்பதை அப்படியே மாற்றி, ‘கான்ஜிங்’ (சுத்தம்) என்ற சொல்லை வினைக்கு முன்னால் வைத்தேன். ‘துவைத்த பிறகுதானே சுத்தமாச்சு?’ என்று ஆசிரியை சிரித்தார். சரியானது ‘வோ பா யிஃபு ஷி கான்ஜிங் ல’: துணியை, துவைத்து, சுத்தம். இடத்துக்கும் இதே கணக்கு. ‘ட்சாய் ட்ஜுவோட்ஸ ஷாங் ஷியே’ என்று இடம் முன்னால் வந்தால் மேசையில் வைத்து எழுதுகிறீர்கள். ‘ஷியே ட்சாய் ட்ஜுவோட்ஸ ஷாங்’ என்று பின்னால் வந்தால் எழுத்து மேசையிலேயே பதிந்துவிட்டது.

மறுப்புச் சொல்லும் தமிழ் வழக்கத்துக்கு எதிர். ‘வீட்டுப்பாடத்தை எழுதி முடிக்கவில்லை’ என்று ‘இல்லை’யைக் கடைசியில் சொல்லிப் பழகிய நமக்கு, ‘மேய்’ என்ற மறுப்பை வினைக்குப் பக்கத்தில் வைக்கத்தான் கை போகும். அது ‘பா’வுக்கு முன்னால் வர வேண்டும்: ‘வோ மேய் பா ட்ஸுவோயே ஷியே வான்’. ‘செய்ய வேண்டும்’, ‘செய்ய விரும்புகிறேன்’ போன்றவையும் அங்கேதான். ‘கதவைச் சாத்த முடியவில்லை’ மட்டும் வேறு ரகம். அங்கே ‘பு’ என்ற இன்னொரு மறுப்புச் சொல் வினைக்கும் விளைவுக்கும் நடுவில் புகுந்து ‘குவான் பு ஷாங்’ ஆகிவிடும். கதவுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை அல்லவா, அதனால் ‘பா’ வராது. ‘மென் குவான் பு ஷாங்’ என்று கதவிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.