199-ஆ, 299-ஆ? பூஸ்டரின் ஆயுளைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு ராயக்கோட்டை பக்கம். தக்காளி ரேட் பார்க்க, வாட்ஸ்அப் பார்க்க தினமும் 100 எம்பிதான் ஆகும். ஞாயிறு ஓசூரிலிருந்து பையன் வந்து ஹாட்ஸ்பாட் போட்டால் 650 எம்பி வரை போகிறது. இப்போது 28 நாளுக்கு 299 ரூபாய், தினம் 1.5 ஜிபி. அதே 28 நாளுக்கு 199 ரூபாயில் மொத்தம் 2 ஜிபி பிளான் இருக்கிறது. தீர்ந்தால் 20 ரூபாய்க்கு 1 ஜிபி பூஸ்டர். இரண்டிலும் கால் இலவசம். எது லாபம்?

பதில்: இரண்டு பிளானுக்கும் 100 ரூபாய் வித்தியாசம். அந்தக் காசுக்கு ஐந்து பூஸ்டர் வரும். ஆகவே மாத உபயோகம் 6 ஜிபிக்குள் இருந்தால், நாலு பூஸ்டர் போட்டாலும் 279 ரூபாய்தான். சின்ன பிளானே மலிவு. 6-ஐத் தாண்டியதும் ஐந்தாவது பூஸ்டர் வேண்டும், இரண்டும் 299 ஆகிவிடும். 7 ஜிபிக்கு மேல் போனால் பெரிய பிளான்தான். கொஞ்சம்தான் கூடுதலாகத் தேவை என்றாலும் முழு பூஸ்டருக்கும் காசு கட்டியாக வேண்டும் என்பதால், செலவு 20, 20 ரூபாயாகப் படியேறும்.

உங்கள் கணக்கு: 24 நாளுக்கு 2.4 ஜிபி, நாலு ஞாயிறுக்கு 2.6 ஜிபி, ஆக 5 ஜிபி. மூன்று பூஸ்டர், 259 ரூபாய். வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் என்று வைத்தால் 520 ரூபாய் மிச்சம்.

ஆனால் இது பூஸ்டர் உங்கள் பிளான் முடியும் வரை செல்லுபடியானால் மட்டும்தான். ஒரே நாள் வேலிடிட்டி உள்ள பூஸ்டர்களும் விற்கிறார்கள். மீந்த டேட்டா அன்றோடு போய்விடும். அப்படியென்றால் ஜிபியை விட்டுவிட்டு நாளை எண்ண வேண்டும். திங்கட்கிழமை ரீசார்ஜ் செய்ததாக வையுங்கள். முதல் வாரம் 1.25 ஜிபி, அடுத்த சனிக்குள் 1.85. ஞாயிறு பையன் போனைத் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே 2 ஜிபி முடிந்துவிடும். அந்த ஞாயிறோடு சேர்த்து மீதி 15 நாள். வெறும் 100 எம்பி பார்க்கவும் தினம் 20 ரூபாய், ஆக 300. மொத்தம் 499! இந்த வகையில், டேட்டா தீர்ந்தபின் நெட் தேவைப்படுவது நாலு நாள் வரைதான் என்றால்தான் 199 கட்டுப்படியாகும்.

அதனால் ரீசார்ஜ் கடையில் பிளான் விலையைக் கேட்பதற்கு முன் 20 ரூபாய் பூஸ்டரின் வேலிடிட்டியைக் கேளுங்கள். பிளான் முடியும் வரை என்றால் 199-க்கு மாறுங்கள். ஒரு நாள் என்றால் 299-ஐ விடாதீர்கள்.

இன்னொன்று. 299-லும் மீந்தது மறுநாளுக்கு வராது. லீவுக்கு வந்த பையன் ஒரே நாளில் கிரிக்கெட் மேட்ச் முழுக்கப் பார்த்து 1.5 ஜிபியைத் தாண்டினால், வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். மெசேஜ் வரும், ரேட் சீட்டு போட்டோ திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த மாதம் 299-லும் ஒரு பூஸ்டரைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.