ப்ரீ-கேஜி வாசலில் அழுகை: முதல் வாரங்கள் பற்றிக் கேள்வி பதில்

புதிதாகச் சேர்ந்த டீச்சர்: காலையில் பதினைந்து பிள்ளைகளும் ஒன்றாக அழுகிறார்கள். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று ஆரம்பிக்கிறது. எங்கே தொடங்குவது அக்கா?

நேரத்தைப் பிரிப்பதில் தொடங்குங்கள். பதினைந்து பேரையும் ஒரே நாளில் 9 மணிக்கு வரச் சொன்னால் எந்த டீச்சராலும் சமாளிக்க முடியாது. ஐந்தைந்து பேராக வேறு வேறு நாளில் சேர்ப்பது நல்லது. நிர்வாகம் சம்மதிக்கவில்லையா, 9, 9.20, 9.40 என்று வருகை நேரத்தையாவது பிரித்துக் கேளுங்கள்.

அப்புறம், ஒரு பிள்ளையை வாசலில் வாங்குகிற ஆள் தினமும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அது டீச்சர்தான் என்றில்லை, பல பிள்ளைகள் ஆயாம்மாவிடம்தான் முதலில் ஒட்டும், ஒட்டட்டும், அதில் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்? வாங்கியபின் நடப்பதும் தினமும் ஒன்றே: செருப்பைக் கழற்றுவது, தன் படம் ஒட்டிய கொக்கியில் பையை மாட்டுவது, நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போவது. அகலமான டப்பில் நாலு விரல் உயரம் தண்ணீர், ஐந்தாறு டம்ளர், ஒரு புனல் போதும். பொம்மை என்றால் பிடுங்கிக்கொள்வார்கள், தண்ணீரை யாரும் பிடுங்க முடியாது, அழுதுகொண்டே கூட ஊற்றலாம். பக்கத்தில் ஒரு ஆள் நகராமல் இருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

ஸ்பீக்கரில் ரைம்ஸ் வைத்து அழுகையை அமுக்கப் பார்க்காதீர்கள், சத்தம் கூடக் கூட அழுகையும் கூடும். "அழாதே" என்பதும் வேலை செய்யாது. கீழே உட்கார்ந்து, அதன் முகத்துக்கு நேராக, "அம்மா போனதும் அழுகை வருதா? சாதம் சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வருவாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள்.

ஒரு அப்பா: சொல்லிவிட்டுக் கிளம்பினால் அதிகமாக அழுகிறான், அதனால் விளையாடும்போது நைசாக நழுவிவிடுகிறேன். மனைவி தப்பு என்கிறாள்.

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. நழுவினால் அன்றைக்குப் பத்து நிமிட அழுகை மிச்சம், ஆனால் மறுநாள் அவன் விளையாடவே மாட்டான், சட்டையைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்திருப்பான். கண்ணை எடுத்தால் அப்பா காணாமல் போய்விடுவார் என்று நாமே கற்றுக்கொடுத்தது அது.

வாசலில் ஒரே இடம், ஒரு அணைப்பு, தினமும் மாறாத ஒரே வாக்கியம், எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். "12 மணிக்கு வருவேன்" என்றால் மூன்று வயதுக்குப் புரியாது, "சாப்பிட்டு ஷூ போட்டதும் வருவேன்" என்றால் புரியும். சொன்னால் வர வேண்டும், முதல் வாரங்களில் பத்து நிமிடம் முன்னாலேயே வாருங்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்த் தான் மட்டும் நிற்பதைப்போல ஒரு பிள்ளையைக் கலைப்பது வேறெதுவும் இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

ஒரு பாட்டி: "சாப்பிடலேன்னா ஸ்கூல் மிஸ்கிட்ட சொல்லிடுவேன்"னு சொல்லித்தான் சோறு ஊட்டறேன். ஸ்கூல்லயும் ஊட்டி விடுவீங்களாம்மா?

ஊட்டிவிடுகிறோம் பாட்டி. ஆனால் அந்த மிஸ்ஸை மட்டும் விட்டுவிடுங்கள், பூச்சாண்டி வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள். காலையில் அந்த மிஸ்ஸிடம்தானே பிள்ளையைக் கொடுக்கிறீர்கள்?

மழலையர் பள்ளி நடத்துபவர்: "எல்லாரும் ஹேப்பியா இருக்காங்க" என்று குரூப்பில் போட்டோவோடு போடுகிறோம். போதாதா?

போதாது. காலையில் கதறக் கதற விட்டுப்போன அம்மா அதை நம்பமாட்டார், போட்டோவில் தன் பிள்ளையின் வீங்கிய கண்ணைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார். குரூப் பொதுத் தகவலுக்கு. அழுத பிள்ளையின் செய்தி அந்த வீட்டுக்கு மட்டும், விட்டுப்போன அரைமணி, முக்கால் மணிக்குள். எவ்வளவு நேரம் அழுதது, யாரிடம் இருந்தது, இப்போது என்ன செய்கிறது, எப்போது வர வேண்டும். அவ்வளவுதான். அழுகிற வீடியோ அனுப்பாதீர்கள்.

ஒரு பையன், இரண்டே முக்கால் வயது, அம்மா வேலைக்குப் போவதால் தாத்தா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். முதல் நாள் அம்மாவுக்குப் போனது இது:

"15 நிமிடம் அழுதான். ஆயாம்மா மடியில் இருந்தான். இப்போது டம்ளரில் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறான். 10.30க்கு அழைத்துப் போகலாம்."

மூன்றாம் நாள்:

"இன்று 25 நிமிடம், நேற்றைவிட அதிகம். பிஸ்கட் தொடவில்லை, தண்ணீர் குடித்தான். நாளைக்கும் ஒரு மணி நேரம் மட்டும் வைத்துக்கொள்வோம். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவனிடம் என்ன சொல்கிறீர்கள்?"

கடைசிக் கேள்வி ஏன் என்றால், அவன் "அம்மா" என்று அழவில்லை, "கடை, கடை" என்று அழுதான். தின்பண்டம் கேட்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆயாம்மாதான் அவன் கேட்டைக் காட்டி, கோபமாகச் சொல்வதைக் கவனித்தார். விசாரித்தால், "கடைக்குப் போலாம் வா" என்று ஏமாற்றித்தான் தாத்தா ஸ்கூட்டரில் ஏற்றியிருக்கிறார். மறுநாளிலிருந்து "ஸ்கூலுக்குப் போறோம், உப்புமா சாப்பிட்டதும் தாத்தா வருவேன்" என்று சொல்லச் சொன்னோம், அம்மாவின் பழைய கைக்குட்டை ஒன்றும் பையில் வந்தது. உண்மையைச் சொன்ன முதல் நாள் அழுகை குறையவில்லை, வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது, தாத்தாவுக்கு என்மேல் வருத்தம். அடுத்த வாரம் வாசலில் ஐந்து நிமிடத்தில் நின்றது. அதற்கப்புறம்தான் நேரத்தை இரண்டு மணியாகக் கூட்டினோம். "25 நிமிடம்" என்று மறைக்காமல் எழுதியதால்தான் அந்த அம்மா விசாரித்துச் சொன்னார், "ஹேப்பி" என்று போட்டிருந்தால் கடை விஷயம் வெளியே வந்திருக்காது.

வெளிநாட்டில் உறவினர் உள்ள ஒரு அம்மா: ஜெர்மனியில் அம்மாவும் ஒரு மாதம் வகுப்பிலேயே உட்காருவாராமே, இங்கே ஏன் விடுவதில்லை?

பாதி சரி. பெர்லின் முறை என்று ஒன்று உண்டு, 1980களில் அங்கே உருவானது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ வகுப்பில் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பார், பிரிவே கிடையாது. நாலாம் நாள் அதிகபட்சம் அரைமணி வெளியே போய்ப் பார்ப்பார்கள், பிள்ளை டீச்சரிடம் சமாதானமாகவில்லை என்றால் உடனே திரும்பக் கூப்பிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் மேலே எத்தனை நாள் என்று முடிவாகும், ஒரு மாதம் என்ற கணக்கெல்லாம் இல்லை.

இங்கே சின்ன அறையில் பதினைந்து அம்மாக்கள் உட்கார்ந்தால் அம்மா வராத பிள்ளை இன்னும் அழும், அதுதான் சிக்கல். மிகவும் பயப்படுகிற ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்தால் சும்மா உட்காருங்கள், "பாரு, அந்தப் பாப்பா சமத்தா இருக்கு" என்று ஆரம்பிக்க வேண்டாம்.

அங்கன்வாடிப் பணியாளர்: உதவியாளர் ஒருவர்தான், அவரும் சமையலில். நீங்கள் சொல்வது எங்களுக்கு எப்படி நடக்கும் டீச்சர்?

முழுசாக நடக்காது, அதை மழுப்ப விரும்பவில்லை. புதுப் பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்க்க முடியுமா பாருங்கள், முதல் அரைமணி மட்டும் உதவியாளரை அடுப்பிலிருந்து விடுவிக்க வழி உண்டா என்று பாருங்கள். அதே தெருவில் இருந்து வரும் நாலு வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் புதுப் பிள்ளை பெரும்பாலும் அடங்கும். மெசேஜ் எழுத நேரம் இருக்காது, அம்மா அழைக்க வரும்போது வாசலில் இரண்டு வரி சொல்லிவிடுங்கள். இதைவிட நல்ல வழி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு அம்மா: முதல் வாரம் அழவே இல்லை, இரண்டாம் திங்கட்கிழமை ஆரம்பித்தது. ஏதாவது நடந்திருக்குமா?

பெரும்பாலும் இல்லை. முதல் வாரம் புதுசு, இனி தினமும் போக வேண்டும் என்று இப்போதுதான் புரிந்திருக்கும். திங்கட்கிழமை அழுகை பல வாரம் வரும். வாசலில் அழுது, உள்ளே போய் அடங்கி, சாப்பிட்டு, ஒன்றுக்குப் போனால் சரி.

பார்க்க வேண்டியது வேறு. நாலு வாரம் ஆகியும் அரைமணிக்கு மேல் யாராலும் தேற்ற முடியாத அழுகை, நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சிறுநீரை அடக்கிக்கொண்டு வருவது, அழாமலே ஒரு மூலையில் எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பது. கடைசியாகச் சொன்னதைப் "பழகிட்டா" என்று எழுதிவிடுகிறார்கள், அழுகிற பிள்ளையைவிட அதுதான் எனக்குக் கவலை. ஒரே ஒரு ஆளையோ ஒரு இடத்தையோ, கழிப்பறையை என்று வையுங்கள், பார்த்து மட்டும் மிரண்டால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே நேரில் போய்க் கேளுங்கள், பதில் திருப்தியாக இல்லையென்றால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.