முடிவிலி நேரம் இல்லாத ஈஸ்டுக்கு எல்லை மதிப்பு எதற்கு?

கேள்வி: P(t) = K/(1 + A e^(-rt)) என்ற லாஜிஸ்டிக் வளர்ச்சிச் சூத்திரத்தில் t → ∞ என்றால் P = K என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் எந்த உயிரினமும் முடிவிலி காலம் வாழப்போவதில்லை. அப்படியானால் இந்த எல்லை மதிப்பு உண்மையில் எதைச் சொல்கிறது?

நான் பாலக்காடு மாவட்டம் சிற்றூர் பக்கம், கொழிஞ்சாம்பாறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றிக் கள் இறக்கும் தென்னந்தோப்புகள்தான். என் மாமாவும் பாளை சீவியவர். அதனால் இந்தப் பாடத்தை நான் எப்போதும் ஈஸ்டிலிருந்துதான் தொடங்குவேன். ஈஸ்ட் எண்ணிக்கைக்கு மணிக்கணக்கில் எடுத்த பழைய அளவீடு ஒன்று இருப்பதும் வசதி.

1913-இல் டார் கார்ல்சன் என்பவர் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்டை வளர்த்து, ஒவ்வொரு மணிக்கும் அதன் அளவைக் குறித்தார். அதிலிருந்து சில மணிகள் மட்டும் இங்கே:

```
மணி    அளவு
 0       9.6
 4      71.1
 7     257.3
 8     350.7
12     594.8
16     655.9
17     659.6
18     661.8
```

பிற்பாடு உயிரியலாளர் ரேமண்ட் பெர்ல் இந்த எண்களுக்கு அந்த லாஜிஸ்டிக் வளைவைப் பொருத்தினார். அதில் P என்பது t நேரத்தில் உள்ள அளவு, K அது நெருங்கிப் போகும் உச்ச அளவு, r வளர்ச்சி வீதம், A தொடக்க அளவைப் பொறுத்த எண். K = 665, r = மணிக்கு 0.5355, A ஏறக்குறைய 66 என்று வந்தது. இனி உங்கள் கேள்விக்கு வருவோம்.

A e^(-rt) என்ற பகுதியை மட்டும் பாருங்கள். இது சிறியதாகிவிட்ட பிறகு, P இன்னும் K-ஐத் தொட எவ்வளவு பாக்கி என்பதை K-இன் பங்காக இதுவே சொல்லிவிடும். 0.01 என்றால் ஒரு சதவீதம் பாக்கி. அது எப்போது நடக்கும்? 66 e^(-0.5355 t) = 0.01 என்று எழுதி, இருபக்கமும் மடக்கை எடுத்தால் t = 16.4 மணி. இப்போது அட்டவணைக்குத் திரும்புங்கள். 665-இல் 99 சதவீதம் என்பது 658.35. பதினாறாம் மணியில் 655.9, பதினேழாம் மணியில் 659.6. சூத்திரம் சொன்ன இடத்திலேயே அளவீடும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது.

எல்லை மதிப்பை இப்படித்தான் படிக்க வேண்டும். முடிவிலி என்று ஒரு நேரம் எங்கோ இருக்கிறது, அங்கே போய் நின்று பார்த்தால் 665 தெரியும் என்று அதற்குப் பொருளில்லை. K-க்கு எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று நீங்கள் ஓர் அளவைச் சொன்னால், அதன் பிறகு எப்போதும் அந்த நெருக்கத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு நேரத்தை என்னால் காட்ட முடியும் என்பதே பொருள். ஒரு சதவீதம் கேட்டால் 16.4 மணி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 சதவீதம் கேட்டால் இன்னும் 4.3 மணி நேரம் கூடுதலாக, 20.7 மணி. அதிலும் பத்தில் ஒன்று கேட்டால் மறுபடியும் 4.3 மணி. இந்த 4.3 என்பது ln 10-ஐ r-ஆல் வகுத்தது. ஆக, இந்த ஈஸ்டைப் பொறுத்தவரை "முடிவிலி" ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மணியையோ ஆண்டையோ விட்டுவிட்டு, நேரத்தை 1/r என்ற அலகால் அளந்து பழகுங்கள். இங்கே 1/r ஏறக்குறைய 1.87 மணி. அதைப் போல ஒன்பது மடங்கு கடந்தால் ஒரு சதவீதத்துக்குள் வந்தாயிற்று.

அந்தச் சூத்திரத்தில் தொடக்க அளவு A-க்குள் மட்டும்தான் ஒளிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இரண்டு மடங்கு ஈஸ்டோடு தொடங்கினால் A ஏறக்குறைய பாதியாகும். வளைவு முழுவதும் சுமார் 1 மணி 20 நிமிடம் முன்னே நகரும், ஆனால் போய்ச் சேரும் இடம் அதே 665தான். கலயத்தைக் கழுவாமல் மரத்தில் கட்டினால் கள் சீக்கிரம் பொங்கும் என்று மாமா சொல்வார். உள்ளே ஒட்டியிருக்கும் பழைய மண்டிதான் கூடுதல் தொடக்க அளவு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுவது புளிக்காத தெளுவாகவே நிற்கும், ஏனென்றால் அங்கே ஈஸ்டால் வளர முடிவதில்லை. அது r-ஐயே மாற்றுகிற விஷயம், A-ஐ அல்ல.

சரி, உங்கள் கேள்வியின் இன்னொரு பாதி: உண்மையில் அது K-இல் நிற்குமா? கள்ளில் நிற்காது. காலையில் இறக்கியது இனிக்கும், மதியத்துக்குள் வெறி ஏறும், மறுநாள் புளித்துவிடும். "மதியத்துக்கு மேல அதுக்குள்ள ஒண்ணும் ஏறாது சாமி, நாளைக்குப் பாத்தா புளிப்புதான்" என்பார் மாமா. சர்க்கரை தீர்ந்து சாராயம் கூடும்போது ஈஸ்டின் வளர்ச்சி நிற்கிறது. அப்புறம் அந்தச் சாராயத்தைப் புளிப்பாக்கும் பாக்டீரியாக்களின் ஆட்டம். அதாவது K என்று நாம் எழுதிய எண்ணே நிலையாக இருக்கவில்லை. சமன்பாடோ K மாறவே மாறாது என்ற நிபந்தனையின் கீழ் எழுதப்பட்டது.

ஆகவே எல்லை மதிப்பை நம்பலாமா என்று பார்க்க இரண்டு கால அளவுகளை ஒப்பிட வேண்டும். ஒன்று, K-ஐ நெருங்க எடுக்கும் நேரம், அதாவது 1/r-இன் சில மடங்கு. மற்றது, K தானே மாற எடுக்கும் நேரம். முதலாவது சிறியதாகவும் இரண்டாவது மிகப் பெரியதாகவும் இருந்தால், எண்ணிக்கை K-இல் போய் உட்கார்ந்து, பார்க்கும்படியாகக் கொஞ்ச காலம் அங்கேயே இருக்கும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால், P நெருங்கி வருவதற்குள் K நகர்ந்துவிடும். அப்போது t → ∞ என்று போட்டுக் கிடைக்கும் எண் கணிதத்தில் சரிதான், ஆனால் அந்த மதிப்பில் எண்ணிக்கை ஒருநாளும் வந்து நிற்காது.

இதற்கு நான் வகுப்பில் தவறாமல் சொல்லும் உதாரணம் அமெரிக்க மக்கள்தொகை. 1920-இல் பெர்லும் லோவெல் ரீடும் 1790 முதல் 1910 வரையான கணக்கெடுப்புகளுக்கு இதே வளைவைப் பொருத்தினார்கள். t → ∞ என்று போட்டபோது கிடைத்த K சுமார் 19.7 கோடி. r ஆண்டுக்கு ஏறத்தாழ 0.0313, அதாவது 1/r 32 ஆண்டுகள். பாக்கி இடைவெளி பத்தில் ஒன்றாகச் சுருங்கவே 73 ஆண்டுகள் வேண்டும். அவ்வளவு காலத்தில் ஒரு நாட்டில் விவசாயம், மருத்துவம், குடியேற்றம் எல்லாமே மாறிவிடும். 1950 வரை வளைவு ஒத்துத்தான் வந்தது. அது சொன்னது ஏறக்குறைய 14.9 கோடி, கணக்கெடுப்பில் வந்தது 15.1 கோடி. ஆனால் 1970 கணக்கெடுப்பில் 20.3 கோடி. ஒருபோதும் தொடவே தொடாது என்று சூத்திரம் சொன்ன கோட்டை மக்கள்தொகை தாண்டிவிட்டது. 2020-இல் 33.1 கோடி.

இங்கே வேறொரு தவறும் இருந்தது, இதை மாணவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. லாஜிஸ்டிக் வளைவு மிக வேகமாக ஏறுவது P = K/2 என்ற இடத்தில். அதற்குப் பிறகுதான் வளைவு மறுபக்கம் திரும்பத் தொடங்கும். அவர்களுடைய வளைவின்படி அந்த இடம் வருவது 1914-இல். கையில் இருந்த தரவோ 1910-ஓடு முடிந்துவிட்டது. திரும்பும் இடத்தைக் கண்ணால் பார்க்காமலே, வளைவு எங்கே போய் நிற்கும் என்று சொன்னார்கள்.

அது ஏன் ஆபத்து என்பதை ஈஸ்ட் எண்களிலேயே பார்த்துவிடலாம். கார்ல்சனின் முழுப் பட்டியலில், ஒவ்வொரு மணியின் அளவும் முந்தைய மணியின் அளவைப் போல எத்தனை மடங்கு என்று கணக்கிடுங்கள். முதல் ஐந்து மணிகளுக்கு 1.91, 1.58, 1.63, 1.51, 1.68 என்று வரும். ஏறியும் இறங்கியும் கிடக்கிறது, எந்தப் போக்கும் தெரியவில்லை. இதை மட்டும் வைத்துக்கொண்டு K 665-ஆ, 6,650-ஆ என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் இந்த வளைவில் வளர்ச்சி வேகம் rP(1 − P/K). P சிறியதாக இருக்கும்போது அதில் (1 − P/K) ஏறக்குறைய ஒன்றுதான், K எதுவானாலும். எட்டாம் மணியிலிருந்து பாருங்கள்: 1.36, 1.26, 1.16, 1.09, 1.06. இப்போதுதான் மடங்கு ஒழுங்காக ஒன்றை நோக்கி இறங்குகிறது. எட்டாம் மணியில் என்ன விசேஷம்? 257.3-லிருந்து 350.7-க்கு ஏறிய அந்த ஒரு மணியில்தான் 93.4 அலகு கூடியது, பட்டியலிலேயே பெரிய ஏற்றம் அது. K-இன் பாதியான 332.5 அந்த மணிக்குள்தான் வருகிறது.

ஆகவே உங்களுக்கு ஒரு கணக்கோ உண்மையான தரவோ வந்தால், K-ஐ எடுத்து விடையாக எழுதுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். மடங்கை y அச்சிலும் P-ஐ x அச்சிலும் புள்ளிகளாக வையுங்கள். புள்ளிகள் தெளிவாக இறங்கி, ஒன்று என்ற கோட்டை எங்கே தொடும் என்று காட்டினால், அந்த இடத்தின் P-தான் உங்கள் எல்லை மதிப்பு. புள்ளிகள் இன்னும் மேலேயே சிதறிக் கிடந்தால், மென்பொருள் K என்று ஓர் எண்ணைத் துப்பினாலும் தரவு அதை இன்னும் சொல்லவில்லை என்று பொருள். K இருக்கிறது என்று தெரிந்த பிறகு, r-ஐ எடுத்து ln 10-ஐ அதால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் காலம் முழுவதும் சர்க்கரையோ நிலமோ தண்ணீரோ, எது K-ஐ முடிவு செய்கிறதோ அது அப்படியே இருக்குமா என்று கேளுங்கள். கார்ல்சனின் ஈஸ்டுக்கு அது 4.3 மணி நேரம், இருந்தது. அமெரிக்காவுக்கு 73 ஆண்டுகள், இருக்கவில்லை.