கட்சிக்காரர் சொன்னதெல்லாம் வாட்ஸப்பில் இருந்தால் போதுமா?

கேள்வி: நான் தனியாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர். கட்சிக்காரர்கள் ஆவணங்கள், விவரங்கள் எல்லாவற்றையும் வாட்ஸப்பில்தான் அனுப்புகிறார்கள். வேண்டும்போது பழைய உரையாடலில் தேடி எடுத்துக்கொள்கிறேன். தனியாகக் குறிப்பு எழுதுவதையே விட்டுவிட்டேன். இதில் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: வரும். உரையாடலில் இருப்பது உங்கள் கோப்பு என்று நினைக்கிறீர்கள். ஆனால் அதில் பாதி எதிர்முனையில் இருப்பவர் கையில் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். சொத்துத் தகராறு ஒன்றில் கட்சிக்காரர், "சமரசத்துக்குச் சம்மதம், கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்று செய்தி அனுப்புகிறார். நீங்களும் அதை நம்பி எதிர்த்தரப்புக்குச் சொல்லிவிடுகிறீர்கள். மூன்று மாதம் கழித்து, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்கிறார். உடனே தேடிப் பார்க்கிறீர்கள். அனுப்பிய கால் மணி நேரத்துக்குள் அவர் அதைத் திருத்தியிருந்தால், 'திருத்தப்பட்டது' என்ற அடையாளம்தான் தெரியும். முதலில் என்ன எழுதினார் என்பது தெரியாது. அடுத்த இரண்டு நாளுக்குள் எல்லோருக்குமாக நீக்கியிருந்தால், ஒரு செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் மிஞ்சும். மறையும் செய்திகள் வசதியை அவர் 90 நாளுக்கு வைத்திருந்தால் அந்த வரிகூட இருக்காது. அந்த வசதியை இருவரில் யார் வேண்டுமானாலும் போடலாம். போட்டதும் உரையாடலில் ஓர் அறிவிப்பு வரும், ஆனால் அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

ஆவணங்களின் கதை வேறு. வந்த படத்தைத் திறக்காமல் விட்டால், மங்கலான சிறு படம் மட்டும் திரையில் இருந்துகொண்டே இருக்கும். பல வாரம் கழித்துத் தொட்டால், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் என்று வரும். இடம் போதவில்லை என்று போனைச் சுத்தம் செய்யும்போதும் இதே கதைதான்: கோப்பின் பெயர் உரையாடலில் நிற்கும், கோப்பு போயிருக்கும்.

வேண்டியது இப்படிக் காணாமல் போகிறது என்றால், வேண்டாதது வேண்டாத இடத்திலெல்லாம் தங்கிவிடுகிறது. செய்திகள் வழியில் வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் போனில் வந்து இறங்கிய பிறகு அந்தப் பாதுகாப்பு கூடவே வராது. வந்த படங்கள் கேலரியில் சேரும். கேலரி மேகக் கணக்குக்கு நகல் எடுக்கும்படி வைத்திருந்தால் அங்கேயும் போகும். அதே கணக்கு வீட்டு டேப்லட்டிலும் திறந்திருந்தால், குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கு அடுத்து கட்சிக்காரரின் மருத்துவ அறிக்கை வந்து நிற்கும். உரையாடலின் மேக நகலுக்கும் தனியாக மறையாக்கம் போட வேண்டும். 2021-இல் வந்த அந்த வசதி, நாமே போய் இயக்கினால்தான் வேலை செய்யும்.

சரி, என்ன செய்வது? வாட்ஸப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. கட்சிக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதை வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அலமாரியாக்க வேண்டாம். முக்கியமான அறிவுறுத்தல் வந்தால் அன்றே வழக்குக் கோப்பில் இரண்டு வரி எழுதுங்கள்: தேதி, நேரம், யார் சொன்னார், என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் தந்தீர்கள். பெரிய முடிவு என்றால், "நீங்கள் இன்று இப்படிச் சொன்னீர்கள், சரிதானே?" என்று மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலையும் கோப்பில் சேருங்கள். மேலே சொன்ன தகராறில் இந்த ஒரு மின்னஞ்சல் இருந்திருந்தால், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆவணம் வந்தால் அன்றே திறந்து பார்த்து, தெளிவாக இருக்கிறதா, எல்லாப் பக்கமும் வந்ததா என்று சரிபார்த்து, கடவுச்சொல் உள்ள வழக்குக் கோப்புறைக்கு மாற்றுங்கள்.

போனிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் `Settings > Chats` பகுதியில் `Media visibility` என்பதை அணையுங்கள். இனி வரும் படங்கள் கேலரியில் தெரியாது. அங்கேயே `Chat backup` உள்ளே `End-to-end encrypted backup` என்பதை இயக்குங்கள். அதன் கடவுச்சொல் தொலைந்தால் நகலைத் திறக்க வழியில்லை, ஆகவே அதைப் போனுக்கு வெளியே பத்திரமாக எழுதி வையுங்கள். அப்புறம் `Linked devices` பட்டியலைப் பாருங்கள். வேலையை விட்டுப் போன உதவியாளரின் கணினி அதில் இன்னும் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தப் பட்டியலைத்தான்.

ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் பழைய உரையாடல்களை இதைப் படித்துவிட்டு மொத்தமாக அழித்துவிடாதீர்கள். தகராறு நடக்கும் விஷயத்தில் அழிப்பது, ஆதாரத்தை மறைத்தீர்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கும். நடப்பு வழக்குகளின் உரையாடல்களை `Export chat` மூலம் படங்களோடு எடுத்துக் கோப்பில் வையுங்கள். கிடைப்பது யாரும் திருத்தக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புதான், அதனால் போனில் உள்ள மூலத்தையும் வழக்கு முடியும்வரை தொடாதீர்கள். முடிந்துபோன வழக்குகளை, நீங்கள் எத்தனை ஆண்டு ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்ற தொழில் விதியைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக நீக்கலாம்.