இருவருக்கும் தெரியாதது

அன்புள்ள ஐயா,

பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஒன்றுக்கு ரோல்-பிளே எழுதியிருக்கிறேன். கூடைப்பந்து அணியின் நட்சத்திர வீராங்கனை, தன்னை அதிக நேரம் பெஞ்சில் உட்கார வைப்பதாகப் பயிற்சியாளரிடம் சண்டைக்கு வருகிறாள். எட்டுப் பக்க உரையாடலும், ஆளுக்கொரு ரகசியக் குறிப்பும் இணைத்திருக்கிறேன். கடைசியில் யார் விட்டுக்கொடுப்பதாக முடிக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

பேசும்போது பயிற்சியாளர் விசில் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மனிதர்களைக் கவனிக்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் அந்த ரகசியக் குறிப்புகளைப் படித்தபோது கோபம் வந்தது. 'நீங்கள் கண்டிப்பானவர், பிடிவாதக்காரர்.' 'நீ திமிர் பிடித்தவள், பொறுமை கிடையாது.' இதில் ரகசியம் எங்கே இருக்கிறது?

இப்படி ஒரு குறிப்பு என்ன செய்யும் என்று ஒரு வகுப்பில் நேரில் பார்த்தேன். வீரனாக நடித்த பையன் இயல்பில் சாது. பத்து நிமிடம் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினான். எதிரே இருந்தவரும் கத்தினார். முடிந்ததும் ஏன் அப்படி என்று கேட்டேன். 'கோபக்காரன்னு போட்டிருந்துச்சு சார்' என்று தாளைக் காட்டினான். அவனுக்குக் குணத்தைக் கொடுத்தார்கள், காரணத்தைக் கொடுக்கவில்லை. காரணம் கையில் இருந்தால் கோபம் தானே வரும், தேவையான இடத்தில் மட்டும் வரும். ஆகவே குணத்தைச் சொல்லும் சொற்கள் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். தகவலை எழுதுங்கள்.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். ஆட்டம் 40 நிமிடம், பத்துப் பத்தாக நான்கு பகுதி. அவள் வழக்கமாக 32 நிமிடம் ஆடுவாள். கடந்த மூன்று ஆட்டங்களில் 22 தான், அதுவும் கடைசிப் பகுதி முழுக்க பெஞ்ச். இவ்வளவும் பொதுக் குறிப்பு, இருவரும் படிக்கலாம்.

பயிற்சியாளரின் தாளில் மட்டும் இது: கடைசிப் பகுதியில் அவள் குதித்து இறங்கும்போது வலது காலில் எடை போடுவதில்லை என்று பிசியோ சொல்லியிருக்கிறார். அது சந்தேகம்தான், பரிசோதனை நடக்கவில்லை. அவளை இழக்க அவருக்கு விருப்பமில்லை. 28 நிமிடத்துக்கு மேல் தர மாட்டார்.

அவள் தாளில் மட்டும் இது: அடுத்த ஆட்டத்துக்குத் தேசிய அணித் தேர்வாளர் வருகிறார். நெருக்கடியான கடைசி நிமிடங்களில் அவள் எப்படி ஆடுகிறாள் என்று பார்க்கத்தான் வருகிறார். முழங்கால் வலிக்கிறது. சொன்னால் ஒரேயடியாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். 26க்குக் கீழே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இப்போது கவனியுங்கள். எத்தனை நிமிடம் என்று பேசும்வரை இது பேரம்தான், 32, 22 என்று இழுத்துக்கொண்டே இருப்பார்கள். எந்த நிமிடம் என்று ஒருவர் கேட்டால் போதும், வழி திறந்துவிடும். முதல் பகுதி முழுக்க, இரண்டாவதில் ஓய்வு, மூன்றாவதில் ஏழு நிமிடம், கடைசிப் பகுதி முழுக்க. ஆக மொத்தம் 27. இரண்டாம் பகுதியோடு இடைவேளையும் சேர்ந்து காலுக்கு நீண்ட ஓய்வு கிடைக்கும். மறுபடி இறங்கும் முன் நன்றாக வார்ம்-அப் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கால் வலி வெளியே வராமல் இந்த ஏற்பாடு பயிற்சியாளருக்குத் தோன்றாது. தேர்வாளர் விஷயம் தெரியாமல் கடைசிப் பகுதியை அவர் தரவும் மாட்டார். இருவர் தாளிலும் பாதிப் பாதிதான் இருக்கிறது. எழுதுகிறவரின் வேலை முழுக்க இந்தப் பாதிகளைப் பிரித்து வைப்பதில்தான்.

நடிப்பவர்கள் தடுக்கி விழும் இடமும் ஒன்று உண்டு. பயிற்சியாளர் நேராக 'கால் வலிக்கிறதா?' என்று கேட்டால் அவள் என்ன செய்வது? அதைத் தாளிலேயே சொல்லிவிடுங்கள்: பேச்சை மாற்றலாம், ஆனால் இல்லை என்று பொய் சொல்லக் கூடாது. அப்புறம், உடன்பாடு ஏற்படாவிட்டால் அவளுக்கு வேறு என்ன வழி என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால், 'வேறொரு கிளப் என்னைக் கூப்பிடுகிறது' என்று அந்த இடத்திலேயே கற்பனை செய்வார்கள். பயிற்சியாளராக இருப்பவரால் அதைச் சரிபார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

பெயர்கள், ஜெர்சி எண் எல்லாம் எப்படி இருந்தாலும் சரி. யார் விட்டுக்கொடுப்பது என்று கேட்டீர்கள். அதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது. எட்டுப் பக்க உரையாடல் நாடகத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது. 'உட்காரலாமா சார்?' என்ற அவளுடைய முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்கிவிடுங்கள். பேச இருபது நிமிடம் கொடுங்கள். முடிந்தபின் இருவரும் தாளை மாற்றிப் படிக்கட்டும், எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டோம் என்று அவர்களே சொல்லட்டும். அதற்கும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். திருத்திய குறிப்புகளை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.