'ஆபத்தானவர்' என்று எழுதினால் போதுமா?

கேள்வி: மனநலப் பிரிவில் முதுநிலைப் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். சம்மதம் இல்லாத நோயாளியை அட்மிட் செய்யும்போது, "தனக்கும் பிறருக்கும் ஆபத்து, வேறு வழியில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவேன். மறுஆய்வுக் குழு இது போதாது என்கிறது. வேறு என்ன எழுத வேண்டும்?

பதில்: அந்த இரண்டும் உங்கள் முடிவுகள். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதைத்தான் குழு தேடுகிறது.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். முப்பது வயதைத் தாண்டியவர். தண்ணீரில் விஷம் கலந்திருப்பதாக நம்புகிறார். "நோயாளி ஆக்ரோஷமானவர்" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: "இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். நாக்கு வறண்டிருப்பதை நானே பார்த்தேன். நேற்று இரவு பக்கத்து வீட்டுக் கதவைக் கத்தியோடு தட்டியதை அண்ணன் நேரில் பார்த்திருக்கிறார். கேட்டபோது, 'அவன் நிறுத்தாவிட்டால் நான் நிறுத்துவேன்' என்றார் நோயாளி." யார் பார்த்தது, எப்போது, நோயாளி சொன்ன வார்த்தை என்ன என்று மூன்றும் இதில் இருக்கின்றன. இதன் கீழே, உங்கள் சட்டம் கேட்கும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேராக அதற்குரிய சம்பவத்தை எழுதுங்கள். நோயின் பெயரோ குடும்பத்தாரின் வேண்டுகோளோ மட்டும் காரணமாகாது. பழைய கேஸ் ஷீட்டிலிருந்து வரிகளை அப்படியே எடுத்துப் போடவும் வேண்டாம். இன்றைய ஆபத்தை அவை காட்டாது.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்காதீர்கள். இவர் இதற்கு முன் யாரையும் தாக்கியதில்லை, அம்மா பேசினால் அமைதியாகிறார் என்றால் அதையும் எழுதி, அப்படியிருந்தும் ஏன் அட்மிஷன் தேவை என்று சொல்லுங்கள். அப்போதுதான் உங்கள் மதிப்பீட்டை நம்ப முடியும்.

குறிப்புகள் பெரும்பாலும் மாற்றுவழிகளில்தான் சறுக்குகின்றன. 1966-ல் லேக் எதிர் கேமரன் வழக்கில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாற்றுவழிகளைத் தேடும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது, அடைத்து வைக்கப்பட்டவருடையது அல்ல என்றது. அந்த எண்ணத்தோடு எழுதுங்கள். தானாகச் சேரச் சொல்லிக் கேட்டீர்களா, எந்த வார்த்தைகளில் மறுத்தார்? வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியாதா? "அண்ணனுக்கு இரவு வேலை, அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாது, கத்தி எங்கே என்று தெரியவில்லை" என்பது பதில். "குடும்ப ஆதரவு போதாது" என்பது பதில் ஆகாது. தினமும் புறநோயாளியாக வரலாமே என்றால், நாளையும் தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். ஒரு வசதி உங்கள் பகுதியில் கிடையாது என்றால் "கிடையாது" என்றே எழுதுங்கள், "பொருந்தாது" என்று எழுதாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

அப்புறம், அட்மிஷனுக்கான காரணத்தையே கட்டாய ஊசிக்கும் கட்டிவைப்பதற்கும் காரணமாகக் காட்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு வேண்டும். நோயாளிக்கு அவருடைய உரிமைகளை எப்போது சொன்னீர்கள், அவருக்குப் புரிந்ததா என்பதும் வேண்டும்.

கடைசி வரியில், எது மாறினால் இந்தக் கட்டாயம் முடியும் என்று எழுதுங்கள். இவருக்கு அது இப்படி இருக்கலாம்: "தானாகத் தண்ணீர் குடிக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய மிரட்டல் இல்லை, தங்கச் சம்மதிக்கிறார் என்றால் அன்றே தன்விருப்ப அட்மிஷனாக மாற்றப்படும். நாளை காலை மறுபடியும் பார்ப்பேன்."